முன்பணம் பில்லில் எங்கே உட்கார வேண்டும்?



ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “பாதிப் பணம் முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. பில் போடும்போது அதை எங்கே காட்டுவது?” சின்னக் கேள்வியாகத் தெரிந்தாலும், இதில் தவறினால் வரியும் இடிக்கும், வாடிக்கையாளரின் மனமும் நோகும். அதனால் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

ஒரு மரச்சாமான் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கட்டில் 25,000 ரூபாய், அலமாரி 35,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 60,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 10,800. மொத்தம் 70,800. ஆர்டர் பேசிய அன்றே வாடிக்கையாளர் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

பில் போடும் நாளில் பலர் செய்வது என்ன? பொருட்களுக்குக் கீழே ‘அட்வான்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்து, 20,000 ரூபாயைக் கழித்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு அது தள்ளுபடியாகத்தான் தெரியும். மீதி 40,000 ரூபாய்க்கு மட்டும் வரி போட்டு, 47,200 என்று பில் வரும். வாடிக்கையாளர் அதைக் கொடுத்துவிடுவார். முன்பணத்தோடு சேர்த்தால் வந்தது 67,200 தான். 3,600 ரூபாய் குறைகிறது. அந்த 3,600 என்பது 20,000 ரூபாய்க்கான 18 சதவீதம். மொத்த வசூல் இப்படி முன்பணத்தின் வரியளவுக்குச் சரியாகக் குறைந்தால், தவறு இந்த இடத்தில்தான் என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில் அந்த வரியைப் பட்டறைக்காரர்தான் கைப்பணத்திலிருந்து கட்ட நேரும்.

முன்பணம் நம் வருமானம் அல்ல. பொருள் போய்ச் சேரும் வரை அது வாடிக்கையாளருக்கு நாம் தர வேண்டிய கடன். எனவே பில்லில் முழு விலை, முழு வரி, 70,800 என்ற மொத்தம் எல்லாம் வந்த பிறகு, அதற்கும் கீழேதான் ‘பெற்ற முன்பணம் 20,000, மீதி 50,800’ என்று எழுத வேண்டும். பணம் வாங்கும் நாளில் விற்பனை பில் போடாமல், ஆர்டர் எண் குறித்த ரசீது வவுச்சர் கொடுத்தால் போதும்.

கட்டில் முதலில் தயாராகி, அலமாரி தாமதமானால்? ஒரே ஆர்டருக்கு இரண்டு பில். கட்டிலுக்கு வரியோடு 29,500, அலமாரிக்கு 41,300. முன்பணம் முழுவதையும் முதல் பில்லில் கழித்தால் அங்கே வசூலிக்க வேண்டியது 9,500 ரூபாய். இரண்டாவது பில் முழுசாக நிற்கும். இரண்டுக்கும் பிரித்துக் கழிப்பதாக இருந்தால், அதை ஆர்டர் எடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எப்படிச் செய்தாலும் இரண்டு பில்லிலும் அதே ஆர்டர் எண் இருக்கட்டும்.

டேலி வைத்திருப்பவர்கள், வாடிக்கையாளர் கணக்கில் `Maintain balances bill-by-bill` என்பதை `Yes` ஆக்குங்கள். பணம் வந்த நாளில் ரசீதில் `Advance` என்று தேர்ந்தெடுத்து ஆர்டர் எண்ணைப் பெயராகக் கொடுங்கள். முதல் பில் போடும்போது 20,000 ரூபாய்க்கு `Agst Ref`, மீதி 9,500 ரூபாய்க்கு `New Ref`. அவசரத்தில் `On Account` என்று போட்டுவிட்டால் பணம் எந்த பில்லோடும் சேராமல் தனியே நிற்கும். பில்லோ முழு பாக்கியாகவே காட்டும். அதை நம்பி, கொடுத்த பணத்தையே திரும்பக் கேட்டு போன் செய்தால் எந்த வாடிக்கையாளர்தான் பொறுப்பார்?

வரி விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர்கள், பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பர் 15 அறிவிப்பு அதை நீக்கிவிட்டது. சேவைக்கு அப்படி அல்ல. பணம் கைக்கு வந்ததுமே வரிப் பொறுப்பும் வந்துவிடும். 11,800 ரூபாய் வாங்கினால் அதில் 10,000 கட்டணம், 1,800 வரி என்று ரசீது வவுச்சரிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். இறுதி பில்லில் அதே தொகைக்கு மறுபடி வரி கட்டாதபடி முன்பு கட்டியதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பில் போடும் முன்பே ஆர்டர் ரத்தாகிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், அதற்கு ரீஃபண்ட் வவுச்சர் போட வேண்டும்.

மாதக் கடைசியில் அரைமணி ஒதுக்கி, நிலுவையில் இருக்கும் முன்பணங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்னும் முடியாத ஓர் ஆர்டர் இருக்க வேண்டும். பொருள் போன பிறகும் முன்பணம் அப்படியே நின்றால், அது பில்லோடு சேரவில்லை என்று அர்த்தம். அன்றே சேர்த்துவிடுங்கள். உங்கள் தொழிலில் இந்தக் கணக்கு வேறு மாதிரி சிக்கினால் விவரத்தோடு எழுதுங்கள்; அடுத்த இதழ்களில் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்