கடிதம் சொல்லாத இரண்டு எண்கள்

ஓய்வூதியத் திட்டத்தை மாற்ற முடிவு செய்த நிர்வாகங்கள் ஊழியர்களுக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இனி ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கு இருக்கும். வேலை மாறினால் அதை உடன் எடுத்துச் செல்லலாம். சந்தை வளர்ந்தால் கணக்கும் வளரும். கடைசிப் பத்தியில் ஒரு கெடுத்தேதி, இணைப்பில் விருப்பப் படிவம்.

பழைய திட்டத்தின் பெயர் 'வரையறுக்கப்பட்ட பலன்'. புதியதன் பெயர் 'வரையறுக்கப்பட்ட பங்களிப்பு'. அடைமொழி மாறவில்லை, அது தழுவி நிற்கும் பெயர்ச்சொல்தான் மாறியிருக்கிறது. முன்பு நிர்வாகம் ஓய்வூதியத்துக்குப் பொறுப்பேற்றது. இனி மாதச் சந்தாவுக்கு மட்டுமே பொறுப்பேற்கும். சந்தை சரிந்தாலும், விலைவாசி ஏறினாலும், ஓய்வுபெற்றவர் நீண்ட காலம் வாழ்ந்தாலும் சுமை அவருடையது.

இந்த அளவுக்குத் தோழர்கள் அறிவார்கள். மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் செய்ததும் இதுவே. ஆனால் அந்த மாற்றம் அன்று முதல் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கே (ஆயுதப் படையினர் நீங்கலாக) பொருந்தியது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் ஓய்வூதியம் தொடப்படவில்லை. நிறுவனங்களின் கடிதமோ இருபது ஆண்டுகள் உழைத்தவரின் கைக்கே வருகிறது. ஆகவே அதில் முதலில் படிக்க வேண்டியது வருங்காலச் சந்தா பற்றிய பத்தியை அல்ல. கடந்தகாலப் பணியை எப்படிப் பணமாக மாற்றி, தனிக் கணக்கின் தொடக்கத் தொகையாக வரவு வைக்கிறார்கள் என்பதையே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 20 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார். இன்னும் 15 ஆண்டுகள் உள்ளன. இன்றைய சம்பளம் 60,000 ரூபாய். பழைய விதி, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் 66இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் 20 ஆண்டுகளை இன்றைய சம்பளத்தால் பெருக்குகிறது: மாதம் 18,182 ரூபாய் ஓய்வூதியம். ஆனால் விதி சொன்னது கடைசிச் சம்பளம். ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 15 ஆண்டுகளில் சம்பளம் ஏறத்தாழ 1,43,800 ரூபாயாகும். அதே 20 ஆண்டுகளுக்குரிய ஓய்வூதியம் அப்போது சுமார் 43,570 ரூபாய். உழைத்து முடித்த ஆண்டுகளுக்கான ஓய்வூதியத்திலேயே பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

அடுத்த வெட்டு வட்டி வீதத்தில் விழுகிறது. 15 ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும் ஒவ்வொரு லட்சத்துக்கும் இன்று எவ்வளவு வைக்க வேண்டும்? பணம் ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் என்று கொண்டால் 36,245 ரூபாய். 9 சதவீதம் என்று கொண்டால் 27,454 ரூபாய் போதும். வளர்ச்சியை மிகையாக அனுமானிக்கும் அளவுக்கு நிர்வாகம் இன்று குறைவாகக் கட்டினால் போதும். அனுமானம் பொய்த்தால் ஈடுகட்டுவது யார்? கடிதம் இதற்குப் பதில் சொல்வதில்லை. பல கடிதங்களில் அந்த வீதமே இருப்பதில்லை.

ஆனால் நிர்வாகம் மறைக்க முடியாத இடம் ஒன்றுண்டு: அதன் ஆண்டறிக்கை. வரையறுக்கப்பட்ட பலன் தரும் நிறுவனம், அதற்கான பொறுப்பைக் கணக்கிட்டு ஊழியர் பலன்கள் பற்றிய குறிப்பில் வெளியிட வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரங்களின் விதி. அந்தக் கணக்கில் எதிர்காலச் சம்பள உயர்வைச் சேர்க்க வேண்டும். வட்டி வீதத்தை அரசுக் கடன் பத்திரங்களின் ஈட்டத்தை ஒட்டியே கொள்ள வேண்டும். எவ்வளவு உயர்வு, என்ன வீதம் என்ற இரண்டையும் அச்சிட வேண்டும். பங்குதாரருக்குச் சம்பளம் உயரும் என்று கணக்குக் காட்டிய நிர்வாகம், ஊழியருக்கு மட்டும் சம்பளத்தை இன்றோடு நிறுத்திக் கணக்குக் காட்டுகிறது என்றால், இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான தொகை எங்கே போகிறது? அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் ஆதாயமாக ஏறுகிறது. கடிதம் இதை 'ஊழியர் நலன் கருதி' என்று தொடங்குவது ஒரு வேடிக்கை.

ஆகவே சங்கத்தின் முதல் கோரிக்கை, ஒவ்வொருவரின் தொடக்கத் தொகையும் எப்படி வந்தது என்பதற்கான தனித்தாளாக இருக்க வேண்டும்: எந்தச் சம்பளம், எத்தனை ஆண்டு, என்ன வீதம், கணக்கிட்ட ஆக்சுவரி யார். அதை ஆண்டறிக்கைக் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உழைத்து முடித்த ஆண்டுகளுக்குப் பழைய விதியையே கடைசிச் சம்பளத்தோடு தொடரச் சொல்லிக் கேட்பதும் பொருந்தும். ஒரே ஊழியருக்குப் பழைய பணிக்கு ஒன்று, புதிய பணிக்கு ஒன்று என இரு திட்டங்கள் நடப்பதற்குக் கணக்கியலில் தடையேதும் இல்லை.

சந்தையே போதும் என்ற வாதத்துக்கு மத்திய அரசே பதில் தந்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. பழைய திட்டத்துக்கு அது ஈடாகாது. ஊழியர் 10 சதவீதம் செலுத்தியாக வேண்டும். ஆயினும் இருபத்தோராண்டுப் போராட்டத்துக்குப் பின் 'உறுதி' என்ற சொல் அரசின் ஆணையில் திரும்ப ஏறியிருக்கிறது. தனியார் நிர்வாகத்தின் விருப்பப் படிவத்தில் அந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறது என்று, கையெழுத்திடுவதற்கு முன் தேடிப் பார்க்கலாம்.