போலியோ: சொட்டு மருந்தும் ஊசியும்

2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஏற்பட்டதே இந்தியாவின் கடைசி இயற்கை வகைப் போலியோ நோய். ஆயினும் இன்றும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தோடு ஊசியும் தரப்படுகிறது. ஒன்று போதாதா என்ற கேள்விக்கான விடை, உடல் தன் நினைவை எங்கே பதித்து வைக்கிறது என்பதில் உள்ளது.

கிருமியை முதன்முறை சந்திக்கும்போது, அதை அடையாளம் காணும் பி செல்கள் டி செல்களின் துணையோடு பெருகுகின்றன. அவற்றில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் தங்கி ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. இன்னொரு பகுதி நினைவுச் செல்களாகக் காத்திருந்து, அதே கிருமி மீண்டும் நுழைந்தால் விரைந்து செயல்படுகிறது. நோயில்லாமல் இந்த முதற்சந்திப்பை ஏற்படுத்துவதே தடுப்பூசியின் வேலை.

சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குன்றிய, ஆனால் உயிருள்ள வைரஸ். அது குடலில் பெருகுவதால் குடற்சுவரிலேயே பாதுகாப்பு உருவாகி, நோய் பரவுவதும் தடைபடுகிறது. ஊசியில் இருப்பதோ ஃபார்மலினால் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது பெருகாது, இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி முடக்குவாதத்தைத் தடுக்கும். குடலில் வைரஸ் தங்கிப் பிறருக்குப் பரவுவதை அதனால் அந்த அளவு தடுக்க இயலாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றாவது வகை. அதில் முழு வைரஸே இல்லை. ஈஸ்ட் செல்களில் தயாரித்த மேற்புறப் புரதம் மட்டுமே உண்டு. தனிப் புரதத்தின் தூண்டுதல் குறைவு என்பதால் அலுமினிய உப்பும் பல தவணைகளும் தேவைப்படுகின்றன.

உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் பலமுறை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளும் முடங்கினர். பழி பெற்றோரின், குறிப்பாக முஸ்லிம் பெற்றோரின், மறுப்பின் மீது எளிதாக விழுந்தது. வயிற்றுப்போக்கும் பிற குடல் கிருமிகளும் மலிந்த குடலில் மருந்து வைரஸ் வேரூன்றத் திணறுகிறது என்பதோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது கழிவுநீரையும் குடிநீரையும் பற்றிய கேள்வி. எனவே அரசைப் பற்றிய கேள்வி.

சொட்டு மருந்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. தடுப்பு குறைவான பகுதிகளில் நெடுங்காலம் சுற்றிவரும் மருந்து வைரஸ், மாற்றங்களுக்கு உள்ளாகி முடக்கும் திறனை மீண்டும் பெறலாம். இதில் இரண்டாம் வகையே பெரும் தொல்லை தந்ததால், 2016 ஏப்ரலில் அது சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய ஊசிக்கு உலகெங்கும் தட்டுப்பாடு. இந்தியா முழு அளவான 0.5 மில்லிக்குப் பதிலாக 0.1 மில்லியைத் தோலுக்குள் செலுத்தத் தொடங்கியது. தோலில் நோயெதிர்ப்புச் செல்கள் செறிந்திருப்பதால், இத்தகைய இரு தவணைகள் ஒரு முழு ஊசியைவிடச் சிறந்த பலன் தருகின்றன. அறிவியல் கைகொடுத்தது, உற்பத்தித் திறன் கைகொடுக்கவில்லை.

ஊசி மருந்துக்கு வைரஸைப் பெருமளவில் வளர்த்துப் பின் செயலிழக்கச் செய்ய வேண்டும். கடும் பாதுகாப்புள்ள ஆலையும் நீண்டகால முதலீடும் தேவை. லாபம் உறுதியில்லாத இத்தகைய பணிக்குரியது பொதுத்துறை. ஆனால் 2008இல் குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமத்தை நிறுத்தி வைத்தது ஒன்றிய அரசு. தரக் குறைபாடுகளைக் களைய நிதி தருவதற்கு மாறாகக் கதவடைப்பே தீர்வாயிற்று. 2010இல்தான் அந்த உத்தரவு விலக்கப்பட்டது.