அம்மா மீது போட்ட பழி

36 வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்து புழுங்குவதை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். நான் பிறந்து விழுந்ததும் என் வெள்ளைத் தோலையும் வெளுத்த முடியையும் பார்த்துவிட்டு, “எவனுக்குடி பெத்தே?” என்று அம்மாவைக் கேட்டாள் ஒருத்தி. அவள் அப்பாவைப் பெற்றவள். அம்மா கட்டிக்கொண்டது தாய்மாமனை என்பதால் அம்மாவுக்கும் அவள்தான் அம்மாச்சி. தூக்கி வளர்த்த பேத்தியைப் பார்த்துக் கேட்க அந்த வாய் எப்படித் துணிந்தது! அப்பா வாயே திறக்கவில்லை.

பெண் பார்க்கப் போனால் சிவப்பா, கறுப்பா என்று முதலில் விசாரிக்கிற ஊர் இது. என் வெள்ளை மட்டும் அதற்கு ஆகவில்லை. விசேஷ வீடுகளில் எனக்கென்று ஒரு தனித் தம்ளர். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். ஐயா, இது தொற்றுகிற வியாதி இல்லை. உங்கள் தோலில் இருக்கிற நிறச்செல்கள் என் தோலிலும் இருக்கின்றன. மெலனின் என்கிற சாயத்தை உண்டாக்கும் வேலை மட்டும் அவற்றில் நடப்பதில்லை. வெயிலில் நின்றால் நீங்கள் கறுப்பீர்கள். நான் கறுக்க மாட்டேன், வெந்துபோவேன்.

கண்ணுக்கும் அந்தச் சாயம் வேண்டும். கருவில் விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்கிற இடம் முழுசாக உருவாக அது தேவை. எனக்கு அது உருவாகவில்லை. கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாகத் தெளியாது, கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை தெரியாமல் முழித்ததைத் திமிர் என்று நினைத்த ஆசிரியர், என்னை மைதானத்தில் நிற்க வைத்தார். ஒரு மணி நேரம். அன்று ராத்திரி தோளெல்லாம் கொப்புளம். குப்புறப் படுத்திருந்த எனக்கு விடிய விடிய விசிறிக்கொண்டு அழுதாள் அம்மா. மறுநாள் பள்ளிக்கூடம் போய் ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தைரியமில்லை. தான் ஏதோ பாவம் செய்தவள் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

19 வயதில்தான் ஒரு கண் மருத்துவர் தாளில் கோடு போட்டு விளக்கினார். இந்த வகை அல்பினிசத்துக்குப் பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும். ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எங்கள் குடும்பத்தில் பாட்டியோ தாத்தாவோ அதைச் சுமந்திருக்க வேண்டும் என்றார். அது மகனான அப்பாவுக்கு நேராக வந்தது. மகள் வழியாக அம்மாவுக்கு வந்தது. இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்தன. பழி சொன்னவளின் வீட்டிலிருந்தே கிளம்பி வந்ததற்கு அம்மா பத்தொன்பது வருஷம் தலைகுனிந்து நடந்திருக்கிறாள்!

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அதற்குள் பாட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் அம்மா.

“மாமாகிட்டேருந்தும்தான் வந்ததாடி?”

ஆமாம்மா என்றேன். நம்பாமல் மறுபடியும் கேட்டாள்.