ஒரே மோதிரத்தில் ஒன்பது கல்

நவரத்தின மோதிரம் வாங்கியவர்கள் சில ஆண்டுகள் கழித்துக் கடைக்காரரிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். முத்து மங்கி உருக்குலைந்துவிட்டது, பவளத்தின் மினுமினுப்பு போய்விட்டது. பக்கத்திலேயே இருக்கும் வைரமும் நீலமும் மட்டும் வாங்கிய அன்று இருந்தபடி இருக்கின்றன. போலிக் கல்லை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் உடனே வரும். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் ஒன்பதும் அசலாகவே இருந்தாலும், கழற்றாமல் போட்டுக்கொண்டு எல்லா வேலையும் செய்தால் அந்த மோதிரம் இப்படித்தான் ஆகும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள மோஸ் அளவுகோல் உதவும். ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் 1812-இல் பத்துக் கனிமங்களை எடுத்து, எது எதைக் கீறுகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தினார். முகப்பவுடரில் சேரும் டால்க் 1. சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கால்சைட் 3. ஸ்படிகம் 7, டோபாஸ் 8, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் அடிப்படையான குருந்தம் 9, வைரம் 10. மேலே உள்ளது கீழே உள்ளதைக் கீறும். அவ்வளவுதான் இந்த எண்களின் பொருள். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியவனுக்கும் இரண்டாம் ரேங்க் வாங்கியவனுக்கும் எத்தனை மதிப்பெண் வித்தியாசம் என்று ரேங்க் சொல்லாது. இதுவும் அப்படியே. 9-க்கும் 10-க்கும் நடுவில் உள்ள இடைவெளி, 1-க்கும் 9-க்கும் நடுவில் உள்ளதைவிடப் பெரியது.

அன்றாடம் அணிவதற்கு இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய எண் 7. தெரு மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் நுண்ணிய ஸ்படிகத் துகள்கள் கலந்திருக்கின்றன. மோதிரத்தில் படிந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைக்கும்போது, அந்தத் துகள்களை வைத்துக் கல்லைத் தேய்க்கிறோம். 7-க்குக் கீழே உள்ள கல் ஒவ்வொரு துடைப்பிலும் கொஞ்சம் இழக்கிறது. 7-ஐ ஒட்டி இருப்பது மெதுவாக இழக்கிறது. நன்றாக மேலே இருப்பதற்குத் தூசியால் ஒன்றும் ஆகாது.

இப்போது மோதிரத்துக்கு வருவோம். முத்து 2.5-இலிருந்து 4.5 வரை, பவளம் 3-இலிருந்து 4 வரை. இரண்டும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஆகவே இவற்றுக்குத் தூசியைத் தவிர இன்னொரு எதிரியும் உண்டு: புளிப்பு. எலுமிச்சைச் சாறு, புளிக் கரைசல், வினிகர் எதுவானாலும் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வியர்வைகூடக் காலப்போக்கில் அந்த வேலையைச் செய்யும். பல காலம் மோதிரத்தில் இருந்த முத்து, தோலில் படும் பக்கங்கள் தேய்ந்து பீப்பாய் வடிவத்துக்கு வந்துவிடுவதை நகை பழுதுபார்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். இதற்குப் பளபளப்பு ஏற்றும் வழி எதுவும் இல்லை. முத்தின் ஒளி அதன் மெல்லிய அடுக்குகளில் இருக்கிறது. அடுக்கு போனால் ஒளியும் போயிற்று. பவளத்தையாவது மறுபடி மெருகேற்றலாம். முத்தை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது கோமேதகம். 7-ஐ ஒட்டிய கல் என்பதால் முகப்பில் கீறல் விழுவதற்கு முன்பே பட்டைகள் சந்திக்கும் ஓரங்கள் மழுங்கிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்றை வாங்கிப் பார்த்தால் தெரியும்: புதுக் கல்லில் அந்த ஓரங்கள் கூரிய கோடுகளாக இருக்கும், பழகிய கல்லில் வெள்ளை நூல்போல உராய்ந்திருக்கும். பழைய நகையில் கல் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பட்டை தீட்டிய கல்லைக் கீறிப் பார்த்துக் கடினம் சோதிப்பவர் கல்லைக் கெடுப்பவர்.

மரகதத்திடம்தான் எண்ணை நம்பி ஏமாறுவார்கள். 7.5 முதல் 8 வரை என்றவுடன் உறுதியான கல் என்று தோன்றும். தூசியை அது தாங்கும், அடியைத் தாங்காது. கடினம் என்பது கீறலை எதிர்ப்பது. உடையாமல் இருப்பது வேறு குணம். மரகதத்துக்குள் இயற்கையாகவே வெடிப்புகள் நிறைய. அவை தெரியாமல் இருக்க எண்ணெயோ பிசினோ ஏற்றுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கடையில் மீயொலித் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்தால் அந்த எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த வெடிப்புகள் வெள்ளையாகத் தெரியவரும். ‘மோதிரத்தைக் கொடுத்தேன், கல்லை மாற்றிவிட்டார்கள்’ என்ற சண்டைகளில் சில இப்படித்தான் தொடங்குகின்றன.

புஷ்பராகம் என்ற பெயரில் இரண்டு வேறு கற்கள் விற்கின்றன. ஒன்று மஞ்சள் நிறக் குருந்தம், கடினம் 9. மற்றொன்று டோபாஸ், கடினம் 8. ஒரு எண்தானே வித்தியாசம் என்று விட முடியாது. டோபாஸுக்குள் ஒரு திசையில் எளிதில் பிளக்கும் தளம் இருக்கிறது. அம்மிக் கல்லிலோ குழாயிலோ சரியான கோணத்தில் மோதினால் அந்தத் தளத்தோடு நேராகப் பிளந்துவிடும். குருந்தத்துக்கு அந்த ஆபத்து இல்லை. கையில் வைத்துப் பார்த்துப் பிரித்தறிவது சிரமம். ஒளிவிலகல் கருவியில் டோபாஸ் 1.62 அளவிலும் குருந்தம் 1.76 அளவிலும் காட்டும் என்பதால், ஆய்வகத்துக்கு இது சில நிமிட வேலை.

மாணிக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குருந்தம் என்ற வகையில் அது 9. ஆனால் வெடிப்புகள் நிறைந்த மலிவான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஏற்றி விற்பது இருபது ஆண்டுகளாக நடக்கிறது. கல் கடினமானது, உள்ளே இருக்கும் கண்ணாடி மென்மையானது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்து, மேற்பரப்பில் வெள்ளைக் கோடுகள் விழும். ரசீதில் ‘மாணிக்கம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. கண்ணாடி நிரப்பியதா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

மிச்சம் இருப்பவை நீலம் 9, வைடூரியம் 8.5, வைரம் 10. தினசரி மோதிரத்துக்கு இவற்றைத் தயங்காமல் சொல்லலாம். வைரத்துக்கும் பிளவுத் தளம் உண்டு. ஓரத்தில் பலமான அடி விழுந்தால் சில்லு தெறிக்கும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை, கூரிய முனைகளைத் தங்கம் மூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கைச்சங்கிலிக்கும் கல் வளையலுக்கும் கணக்குக் கொஞ்சம் மாறும். மோதிரத்தைவிட அதிகமாக மேசை விளிம்பிலும் கதவிலும் இடிபடுவது அவைதான். இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடும்போது கல்லும் கல்லும் உரசும். வைர வளையல் பக்கத்து மாணிக்க வளையலைக் கீறும். நிலாக்கல் 6-இலிருந்து 6.5 வரைதான் என்பதால் கைச்சங்கிலியில் சீக்கிரம் மங்கும், கழுத்தில் பல ஆண்டுகள் இருக்கும். மாறாக நெஃப்ரைட் ஜேட், அதே 6.5 அளவில் இருந்தாலும், இழைகள் பின்னிக் கிடப்பதால் இடிபட்டால் எளிதில் உடையாது. சீனாவில் அதை வளையலாகவே கடைந்து அணிகிறார்கள்.

நவரத்தினத்தைப் பதக்கமாகச் செய்துகொள்வதே என் யோசனை. மோதிரம்தான் வேண்டும் என்பவர்கள், ஒவ்வொரு கல்லையும் சுற்றித் தங்க விளிம்பு உயர்ந்து நிற்கும்படி கட்டச் சொல்லலாம். சமைக்கும்போது கழற்றி வைக்கலாம். சுத்தம் செய்ய ஈரத் துணி போதும். அளவு கூட்டவோ குறைக்கவோ ஆசாரியிடம் கொடுக்கும்போது, நெருப்புக் காட்டுவதற்கு முன் முத்தையும் பவளத்தையும் மரகதத்தையும் பிரித்தெடுக்கச் சொல்ல வேண்டும். முத்து மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்று தொடக்கத்திலேயே கணக்கில் வைத்து, அதைத் தனியே எடுக்கும்படி பதிக்கச் சொன்னால் மற்ற எட்டையும் தொடாமல் மாற்றிவிடலாம்.