சிவப்பா தெரியற இடம்தான் மூளை வேலை செய்யற இடமா?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட் எக்ஸ்போவுல குறைஞ்சது மூணு டீம் இ.இ.ஜி. ஹெட்செட் வெச்சுருந்தாங்க. மூணு பேரோட போஸ்டர்லயும் ஒரே படம்: வட்டமா ஒரு தலை, அதுல ஒரு பக்கம் சிவப்பு. "ஆக்டிவிட்டி இங்கதான் சார் நடக்குது"ன்னு விரல் வெச்சுக் காட்டினாங்க. ஜூரியும் தலையாட்டிட்டுப் போயிட்டார். அந்த விரல்மேல எனக்குக் கொஞ்சம் கோவம் இருக்கு. அதைத்தான் இங்க எழுதறேன்.

ஒரு சோதனையை எடுத்துக்குவோம். நரம்பியல் லேப்ல தினமும் செய்யறதுதான். உங்க இடது காலின் உள் கணுக்காலுக்குப் பின்னாடி ஓடற நரம்புக்குச் சின்னதா ஒரு மின் துடிப்பு கொடுக்கறாங்க. பாதம் லேசா துடிக்கும், அவ்வளவுதான். அந்தச் செய்தி கால், முதுகுத்தண்டு வழியா ஏறி, சுமார் 40 மில்லிசெகண்டுல மூளைக்குப் போய்ச் சேரும். இடது காலோட செய்தி போறது வலது மூளைக்கு. இது பத்தாம் வகுப்புலயே படிச்சது.

தலையில் ஒட்டின எலெக்ட்ரோடுல இந்தப் பதில் வெறும் 2 மைக்ரோவோல்ட் அளவுதான் இருக்கும். பின்னணியில் மூளையோட வழக்கமான இரைச்சல் 10 மைக்ரோவோல்ட்னு வெச்சுக்குவோம். ஒரு துடிப்புல ஒண்ணும் தெரியாது. 400 தடவை துடிப்பு கொடுத்து சராசரி எடுத்தா, இரைச்சல் 400-ன் வர்க்கமூலம், அதாவது 20 மடங்கு குறைஞ்சு 0.5 மைக்ரோவோல்ட் ஆயிடும். இப்போ 2 மைக்ரோவோல்ட் மேடு தெளிவா நிக்கும். எப்போ நடந்ததுன்னு கேட்டா இ.இ.ஜி. 40 மில்லிசெகண்டுன்னு சுத்தமா சொல்லிடும். இதுல அதைக் குறை சொல்ல முடியாது.

எங்க நடந்ததுன்னு கேட்டாதான் சிக்கல். அந்த மேடு உச்சந்தலையில இருந்து *இடது* பக்கமா சாய்ஞ்சு இருக்கும்! வேலை செஞ்சது வலது மூளை, சிவப்பு விழறது இடது பக்கம். மெஷின் பழுதும் இல்ல, வயரை மாத்தி மாட்டினதும் இல்ல. பாதத்துக்கான பகுதி மூளையோட மேல்பரப்புல இல்ல. ரெண்டு அரைக்கோளத்துக்கும் நடுவுல இருக்கற பிளவின் உள்சுவர்ல ஒளிஞ்சிருக்கு. அங்க ஓடற மின்னோட்டம் மேல்நோக்கிப் போகாம, படுக்கைவாட்டுல இடது பக்கம் பார்த்துப் போகுது. அதனால அதோட நேர்முனை இடது மண்டையோட்டுல விழுது. டார்ச் ஒரு இடத்துல இருக்கும், வெளிச்சம் எதிர்ச் சுவர்ல விழும், அந்த மாதிரி. சிவப்பைப் பார்த்து விரல் வெச்சவர் டார்ச்சை விட்டுட்டுச் சுவரைக் காட்டறார்.

இங்கதான் எம்.இ.ஜி. வருது. மின்னோட்டம் இருந்தா சுத்தி காந்தப்புலம் இருக்கும், வலது கை விதி உங்களுக்குத் தெரியும். மண்டையோடு மின்சாரத்தைச் சரியா விடாது, அதனால இ.இ.ஜி. படம் கலங்கிப் பரவிடும். காந்தப்புலம் எலும்பைக் கண்டுக்காமலே கடந்துடும். நம்ம கால் சோதனையில் ஓட்டம் வலமிருந்து இடம் போகுதுன்னா, புலம் நடுக்கோட்டுக்கு முன்னாடி ஒரு இடத்துல வெளியே வந்து, பின்னாடி ஒரு இடத்துல உள்ளே போகும் (அல்லது தலைகீழா). மூலம் அந்த ரெண்டுக்கும் நடுவுல, கீழே இருக்கும். ரெண்டு உச்சமும் எவ்வளவு தள்ளி இருக்கோ, மூலம் அவ்வளவு ஆழம். தட்டையான கடத்தின்னு எளிமைப்படுத்தினா, ஆழம் = தூரம் / √2. 5.6 செ.மீ. இடைவெளின்னா சுமார் 4 செ.மீ. ஆழம். இடது பக்கம் எதுவும் இல்லைன்னு படமே சொல்லிடும்.

அப்போ இ.இ.ஜி.யைத் தூக்கிப் போட்டுடலாமா? கூடாது. மூளை மடிப்பின் உச்சியில, தலைக்கு வெளியே பார்த்து நேரா ஓடற மின்னோட்டம் இருக்கே, அது எம்.இ.ஜி.க்குக் கிட்டத்தட்ட கண்ணுலயே படாது. தலையை உருண்டைன்னு வெச்சா, ஆரத்தின் திசையில் ஓடற ஓட்டத்தோட புலமும், அது திரும்பிவர எடுக்கற வழியோட புலமும் வெளியே ஒண்ணை ஒண்ணு முழுசா அழிச்சுடும். இ.இ.ஜி.க்கோ அதுதான் ரொம்பத் தெளிவு. ஆழத்துல இருக்கற மூலமும் எம்.இ.ஜி.யில சீக்கிரம் மங்கிடும். ஒண்ணோட குருட்டு இடம் இன்னொண்ணோட கண். ரெண்டையும் ஒரே நேரத்துல பதிவு செஞ்சு, ரெண்டுக்கும் ஒத்துவர்ற ஒரே மூலத்தைத் தேடறதுதான் நேர்மையான வழி. அப்பவும் வெளியே அளந்ததை வெச்சு உள்ளே இருக்கறதை ஒரே ஒரு விடையா சொல்ல முடியாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853லயே காட்டிட்டுப் போனது அது.

இதுல விளையாட்டா விட முடியாத ஒண்ணு இருக்கு, வலிப்பு. மருந்துக்கு அடங்காதவங்களுக்கு வலிப்பு தொடங்கற துண்டை வெட்டி எடுக்கறாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல எம்.இ.ஜி. மையம் இருக்கறதும் இதுமாதிரி வேலைக்குத்தான். வலிப்பு அலையோட உச்சத்துல படத்தை நிறுத்திப் பார்த்தா ஏமாந்துடுவீங்க. அதுக்குள்ள ஆக்டிவிட்டி சில பத்து மில்லிசெகண்டுல பக்கத்து இடத்துக்குப் பரவியிருக்கும். அலை ஏற ஆரம்பிக்கற இடத்துல பார்க்கணும். நேரம் தப்பினா இடமும் தப்பும். தப்பான இடம்னா, கத்தி படறது நல்ல மூளையில.

பள்ளிப்பட்டுல எங்க பாட்டி, யாருக்காவது வலிப்பு வந்தா கையில இரும்புச் சாவியைத் திணிப்பாங்க. அதுல பலன் ஒண்ணுமில்ல, ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். இப்போ நினைச்சா சிரிப்பா இருக்கு, ஏன்னா எம்.இ.ஜி. அறைக்குள்ள மட்டும் அந்தச் சாவியைக் கொண்டுபோகவே கூடாது. மூளையோட புலம் சுமார் 100 ஃபெம்டோடெஸ்லா. நம்ம ஊர்ல பூமியோட புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வகுத்துப் பாருங்க, 40 கோடி மடங்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இண்டக்ஷன் ஃபர்னஸ் ஓடும்போதும், இரும்புக் கம்பி ஏத்தின லாரி நகரும்போதும் புலம் ஆடற ஆட்டத்துல இந்த 100 எங்கயோ காணாமப் போயிடும். அதனாலதான் மியூ-மெட்டலும் அலுமினியமும் அடுக்கின அறை வேணும். எதிரெதிரா சுத்தின ஜோடிச் சுருள் வேணும்: தூரத்து லாரி ரெண்டு சுருள்லயும் ஒரே மாதிரி பட்டு அழிஞ்சுபோகும், பக்கத்து மூளை கீழ்ச் சுருள்ல மட்டும் அதிகமா படும். திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரியில மூழ்கின ஸ்க்விட் சென்சாரும் வேணும்.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைச்சீங்கன்னா, கல்பாக்கம் வரைக்கும் போங்க. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல நியோபியம் ஸ்க்விட்டை அவங்களே தயாரிச்சு, காந்தக் கவச அறை கட்டி, முதல்ல இதயத்துக்கும் அப்புறம் மூளைக்கும் பல சேனல் கருவி செஞ்சாங்க. அணு உலைக்குப் பேர்போன இடத்துல இப்படி ஒரு அமைதியான அறை இருக்கறது நம்ம கேம்பஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்ம லேப்ல எம்.இ.ஜி. வரப்போறதில்ல, அதை நான் கேட்கவும் இல்ல. எட்டு எலெக்ட்ரோடு ஹெட்செட் வெச்சு "எத்தனை மில்லிசெகண்டுல, எந்த எலெக்ட்ரோடுல" வரைக்கும் சொல்லுங்க. அது உண்மை. அடுத்த எக்ஸ்போவுல யாராவது சிவப்பைக் காட்டி "இங்கதான் சார்"னு சொன்னா, இடது கால் கதையை அவங்ககிட்ட கேட்கப்போறது நான்தான்.