புட் விலை எகிறினால் சந்தை விழுமா? ‘ஸ்க்யூ’ சொல்வது வேறு கதை

நிஃப்டி 25,000 புள்ளிகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த 30 நாளில் முடியும் இரண்டு ஆப்ஷன்கள். ஒன்று, 5% கீழே இருக்கும் 23,750 புட். இன்னொன்று, 5% மேலே இருக்கும் 26,250 கால். இரண்டும் ஒரே தூரம்தான். ஆனால் புட் விலை சுமார் ரூ.106, கால் விலை சுமார் ரூ.21. ஐந்து மடங்கு வித்தியாசம்!

இதைப் பார்த்ததும், “பெரிய ஆளுங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, மார்க்கெட் விழப்போகுது” என்று பேச்சு கிளம்பும். அது அவசர முடிவு.

விலைக்குள் ஒளிந்திருக்கும் எண்

சந்தை எவ்வளவு ஆடும் என்று ஓர் ஆப்ஷனின் விலை மறைமுகமாகச் சொல்கிறது. அந்த ஆண்டுக் கணக்கு சதவீதம்தான் ‘இம்ப்ளைடு வாலட்டிலிட்டி’, சுருக்கமாக ஐவி. இரண்டுக்கும் ஐவி 13% என்றிருந்தால், வட்டியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் புட் ரூ.35, கால் ரூ.43 தான் வரும். நம் உதாரணத்தில் புட்டின் ஐவி 18%, காலின் ஐவி 11%. இந்த 7 புள்ளி சரிவுதான் ‘ஸ்க்யூ’. புட் பக்கம் உயர உயர ஸ்க்யூ செங்குத்தாகிறது.

இந்தச் சரிவு எப்போதும் இருந்ததில்லை. அமெரிக்காவில் 1987 அக்டோபர் 19-ம் தேதி எஸ்&பி 500 குறியீடு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதற்கு முன்பு அங்கே எல்லா ஸ்ட்ரைக்குகளிலும் ஐவி ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருந்தது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு கீழ்ப்பக்க புட்களுக்குக் கூடுதல் விலை ஒட்டிக்கொண்டது; இன்றுவரை போகவில்லை.

காரணம் எளிது. ஃபண்டுகள் கையில் பங்குகளை வைத்திருப்பவை. அவற்றின் பயம் சரிவு மேல்தான், அதனால் புட் வாங்குகின்றன. விற்பவர்களோ குறைவு. சரிவு வந்தால் எல்லாப் பங்குகளும் சேர்ந்தே விழும், ஆட்டமும் கூடும், விற்றவருக்கு அடி மொத்தமாக வரும். அந்த ரிஸ்க்குக்கு அவர் கூலி கேட்கிறார். அதாவது, புட் விலையில் இருப்பது கணிப்பு மட்டுமல்ல; இன்சூரன்ஸ் பிரீமியமும்கூட. வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர் விபத்து நடக்கும் என்று ஜோசியம் சொல்லவில்லையே!

எந்தப் பக்கம் நகர்ந்தது?

ஸ்க்யூ கூடினால் அது பயம் என்றும் உடனே எழுதிவிடக் கூடாது. 7 புள்ளி இடைவெளி 9 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புட் ஐவி 18-லிருந்து 20 ஆனாலும் 9 வரும். கால் ஐவி 11-லிருந்து 9 ஆனாலும் 9 வரும். முதலாவதில் பாதுகாப்புக்குத் தேவை கூடியிருக்கிறது, அல்லது விற்பவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். இரண்டாவதில் பயமே இல்லாமல் இருக்கலாம். சந்தை பெரிதாக ஏறாது என்று நினைத்து, கையில் இருக்கும் பங்குகள் மேல் கால் விற்று வருமானம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இடைவெளியை மட்டும் பார்த்தால் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடுவில் இருக்கும் 25,000 ஸ்ட்ரைக்கின் ஐவியோடு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டால்தான் புரியும்.

கொழுத்த பிரீமியம் என்ற ஆசை

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. “புட் விலை அதிகமா இருக்கு, வித்தா லாபம்” என்ற கணக்கு. பெரும்பாலான மாதங்களில் அது பலிக்கும், அதுதான் சிக்கலே.

2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263-ல் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு. அன்று 21,884-ல் முடிந்தது. தூரத்தில் இருக்கிறதே என்று 22,500 புட்டை விற்றிருந்தவர், சில மணி நேரத்தில் 600 புள்ளிகளுக்கு மேல் மாட்டிக்கொண்டார். ஜூன் 6 வார எக்ஸ்பைரியில் நிஃப்டி 22,800-க்கு மேல் முடிந்ததால் அதே புட் பூஜ்யமானது. தாக்குப்பிடித்தவர் தப்பினார், நடுவில் மார்ஜின் கட்ட முடியாதவருக்கு அந்த மீட்சியால் பயனில்லை. அந்த மார்ஜின் நெருக்கடிக்கான கூலியும் புட் விலைக்குள் இருக்கிறது.

ஆக, செங்குத்தான ஸ்க்யூ சொல்வது ஒன்றுதான்: இன்று பாதுகாப்பு விலை அதிகம். நாளை சந்தை எந்தப் பக்கம் போகும் என்று அது சொல்வதில்லை. வாங்குபவர் கேட்க வேண்டியது, இந்த விலை தன் போர்ட்ஃபோலியோவுக்குக் கட்டுப்படியாகுமா என்பது. விற்பவர் கேட்க வேண்டியது, ஜூன் 4 மாதிரி ஒரு நாளைத் தாங்கப் பணம் இருக்கிறதா என்பது.