சாவியோடு கொடுத்த கடிதம்

தாசேக் கெலுகோரில் ஆறு ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டை ஜூன் மாதக் கடைசியில் காலி செய்தோம். கொமுட்டர் நிலையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். மூன்று அறைகள், முன்னால் ஒரு கார் நிற்கும் இடம், பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் மண் தரை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் தெருவில் எல்லாரும் அவரை "வாத்தியார்" என்றுதான் சொல்வோம்.

சாவி கொடுக்கும் நாளில் அவருக்கு ஒரு நன்றிக் கடிதமும் கொடுக்க வேண்டும் என்று மனைவி சொன்னார். நானும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். "தங்கள் பரந்த உள்ளத்திற்கும் பேரன்பிற்கும்" என்று ஆரம்பித்து, "தங்கள் இல்லத்தை எங்கள் இல்லமாக எண்ணி வாழ்ந்த பொன்னான நாட்களை" என்று போய்க்கொண்டிருந்தது. மனைவி படித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துப் பிரியாவிடை விழாவா? இதை எந்த வீட்டுக்காரருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமே" என்றார். உண்மைதான். அந்தத் தாளில் வாத்தியாரும் இல்லை, அந்த வீடும் இல்லை.

கடிதத்தின் இரண்டாம் வடிவத்துக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றிக் கடிதம் வேறு, வீட்டைக் காலி செய்வதாகக் கொடுக்கும் அறிவிப்புக் கடிதம் வேறு. பலர் இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிடுகிறார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு மாத முன்னறிவிப்பு என்று இருந்தது. அதனால் ஏப்ரல் 28ஆம் தேதியே நான்கு வரியில் ஓர் அறிவிப்பு எழுதி, கையெழுத்திட்டு, அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, ஜூன் 30ஆம் தேதி காலி செய்கிறோம் என்பது, வீட்டைச் சேர்ந்து பார்வையிட ஒரு நாள் சொல்லுங்கள் என்பது. அதில் நன்றி என்ற சொல்கூடக் கிடையாது. வாத்தியார் "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் போட்டார். அந்த ஒரு சொல் போதும்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். நம் நாட்டில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. வரப்போகிறது, வரப்போகிறது என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவரை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், இருவரும் எழுத்தில் பரிமாறிக்கொண்டவையும்தான் பேசும். அன்பாக எழுதிய வரிகூட ஒரு நாள் சாட்சியாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பட்டர்வொர்த்தில் வீடு காலி செய்தபோது, நன்றி சொன்ன கையோடு, "முன்பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மரியாதைக்காக எழுதிவிட்டார். வீட்டுக்காரரும் மெதுவாகத்தான் பார்த்தார். எட்டு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. கேட்டால், "நீங்கள்தானே எழுதினீர்கள்" என்று அந்தத் தாளையே காட்டினார். 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே படிவம் 198ஐ நிரப்பி வழக்குப் போடலாம். அதை அவரிடம் சொன்னேன். ஆனால் தன் கையால் எழுதிய அந்த வரி அவரைத் தயங்க வைத்தது. "கணக்கெல்லாம் தீர்ந்தது" என்று எழுதுவதும் இதே ஆபத்துதான். கணக்கு உண்மையிலேயே தீரும்வரை அதை எழுதக்கூடாது.

இதற்கு நேர்மாறான பழக்கமும் நம்மிடம் உண்டு. கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல், "முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இதற்கு அனுமதி இல்லை. வீட்டில் ஏதாவது உடைந்திருந்தால் வீட்டுக்காரர் கையில் அப்போது ஒன்றுமே இருக்காது. நம் மேல் பழி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஜூன் 21ஆம் தேதி, ஞாயிறு காலை, வாத்தியார் வந்தார். இருவரும் அறை அறையாகப் பார்த்தோம். ஆறு ஆண்டில் சாயம் மங்கியிருந்தது, குளியலறைக் கதவின் அடிப்பாகம் ஈரத்தில் உப்பியிருந்தது. இவை குடியிருந்தாலே வரும் தேய்மானம், வாடகையிலேயே அடக்கம் என்பது வழக்கம். வாத்தியாரும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் கைகழுவும் தொட்டியில் இருந்த விரிசல் அப்படியல்ல. என் மகன் கையிலிருந்த இரும்புச் சாமான் விழுந்து வந்தது அது. வாத்தியார் கவனிக்கவில்லை. நானே காட்டினேன். காட்டாமல் விட்டிருக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்தது சாமி மேடைச் சுவர். நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் சிக்கல் இது. ஆறு ஆண்டு விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் பழுப்பாக ஏறியிருந்தது. அதன் மேல் நேராக வெள்ளைச் சாயம் அடித்தேன். இரண்டே நாளில் பழுப்பு மீண்டும் எட்டிப் பார்த்தது. எண்ணெய்ப் புகை சாதாரணத் தண்ணீர்ச் சாயத்துக்குள் ஊறி மேலே வந்துவிடும். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து சுவரைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விட்டு, கறையை அடைக்கும் எண்ணெய் அடிச்சாயம் ஒரு கை பூசி, அதன் பிறகுதான் மேல்சாயம் அடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாளில் முடியும் வேலை இல்லை. சாவி கொடுக்கும் வாரத்தில் ஆரம்பித்தால் அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் பிறகு எழுதிய கடிதம் இது.

"அன்புள்ள வாத்தியாருக்கு, வணக்கம்.

இன்று ஜூன் 30. வீட்டை உங்களிடம் ஒப்படைக்கிறோம். கேட் சாவி 2, கிரில் சாவி 3, வாசல் கதவுச் சாவி 3, பின்கதவுச் சாவி 1 இதோடு உள்ளன. மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் இன்று காலை படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கைகழுவும் தொட்டி விரிசல் எங்களால் ஆனது. அதற்குரிய தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். சாமி மேடைச் சுவரைக் கழுவிச் சாயம் அடித்துவிட்டோம். மேடையைப் பொருத்தியிருந்த நான்கு துளைகளையும் அடைத்துவிட்டோம். கடைசிக் கட்டணங்கள் வந்ததும் கணக்குப் பார்த்து, மீதி முன்பணத்தை ஜூலை 14க்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். என் வங்கிக் கணக்கு எண் கீழே.

பின்னால் இருக்கும் முருங்கையும் கறிவேப்பிலையும் நாங்கள் நட்டவை. அவை வீட்டோடு இருக்கட்டும். முருங்கையை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால் கிளை நன்றாக வரும்.

மகள் பிறந்து மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் தண்ணீர்த் தொட்டி உடைந்து வீடு முழுதும் ஒழுகியது. இரவு பதினொரு மணிக்கு நீங்களே வந்து கூரை ஏறிக் குழாயை அடைத்தீர்கள். மறுநாள் காலை புதுத் தொட்டி வந்துவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எனக்குச் சம்பளம் பாதியானபோது, நான் கேட்பதற்கு முன்பே மூன்று மாதம் நூறு நூறு வெள்ளி குறைத்துக்கொண்டீர்கள். இந்த இரண்டையும் நாங்கள் மறக்கவில்லை. நன்றி.

சுங்கைப் பட்டாணிப் புது வீட்டுக்கு அம்மாவோடு அவசியம் வாருங்கள்."

இவ்வளவுதான். நான் முதலில் எழுதிய பொன்னான நாட்கள் எதுவும் இதில் இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி வரியைப் படித்தபோது வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் எங்கோ ஒற்றெழுத்தை விட்டிருந்த இடத்தில் ஒரு 'ப்' சேர்த்தார். முப்பது ஆண்டுப் பழக்கம்.

மீட்டர் படம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் தெனாகா கணக்கு வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்ததால் வேலை சுலபம். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், நீங்களே தெனாகாவிடம் சொல்லி அதை முடிக்க வேண்டும். முடிக்காமல் போனால் அடுத்து வருபவர் குளிர்சாதனம் போட்ட கணக்கும் உங்கள் பெயரில்தான் ஏறும். நீங்கள் தெனாகாவிடம் கட்டிய வைப்புத்தொகையும் கணக்கை முடித்தால்தான் திரும்ப வரும். அது வீட்டுக்காரரிடம் கொடுத்த முன்பணத்தில் சேராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குடிவந்தபோது வாடகை 700 ரிங்கிட். இரண்டு மாத முன்பணம் 1,400. மின்சாரம், தண்ணீருக்கென்று அரை மாதம் 350. பிறகு வாடகை 800 ஆனது, ஆனால் முன்பணத்தை யாரும் கூட்டவில்லை. 'இரண்டு மாத வாடகைதானே, 1,600 வர வேண்டுமே' என்று நான் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பழைய ரசீதை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. கொடுத்ததுதான் திரும்ப வரும். ரசீதைத் தொலைத்திருந்தால் வாத்தியாரைப் போய்க் கேட்டு, என் மானம் போயிருக்கும்.

கடைசி மின்கட்டணம் 96 ரிங்கிட் 40 காசு, தண்ணீர் 11 ரிங்கிட் 20 காசு. 350இல் இது போக மீதி 242 ரிங்கிட் 40 காசு. தொட்டி மாற்ற ஆள்கூலியோடு 120. ஆக 1,522 ரிங்கிட் 40 காசு. ஜூலை 10ஆம் தேதியே கணக்கில் ஏறிவிட்டது. தொட்டி வாங்கிய ரசீதையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

போன வாரம் வாத்தியார் அழைத்தார். என் பெயருக்கு வருமான வரி வாரியக் கடிதம் ஒன்று பழைய முகவரிக்கு வந்திருக்கிறதாம். முகவரி மாற்றச் சொல்லி எல்லா இடத்துக்கும் எழுதிய நான் அதை மட்டும் விட்டிருக்கிறேன். "ஞாயிற்றுக்கிழமை கொமுட்டரில் வந்து வாங்கிக்கொள் தம்பி, அம்மா முருங்கைக்கீரை பறித்து வைத்திருப்பாள்" என்றார்.